தீபாவளி விற்பனையின் பணம் பொங்கல் வரை வந்த கதை: ஒரு ரோலிங் ரிசர்வ் கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் நெகமம் பருத்திச் சேலைகளை நூலும் கூலியும் கொடுத்துத் தறிக்காரர்களிடம் நெய்து வாங்கி, சொந்த இணையதளத்தில் விற்கும் ஒரு பெண்ணின் கணக்கு இது. நான் அவருடைய ஜிஎஸ்டி கணக்கைப் பார்ப்பவன். 2025 ஜூன் 1 அன்று அவருடைய கடை தொடங்கியது. பணம் வாங்க ஒரு பேமெண்ட் அக்ரிகேட்டரிடம், அதாவது வாடிக்கையாளர் இணையத்தில் கட்டும் பணத்தை வாங்கிக் கடைக்காரருக்குக் கொடுக்கும் நிறுவனத்திடம், சேர்ந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. புதிய கடைகளுக்கு இதே மாதிரி நிபந்தனை போடும் நிறுவனங்கள் பல உண்டு.

ஒப்பந்தத்தில் பணம் பற்றி மூன்றே வரிகள். கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. செட்டில்மெண்ட், அதாவது பணம் கடையின் வங்கிக் கணக்குக்கு வருவது, விற்ற நாளிலிருந்து மூன்று வங்கி வேலை நாளில். மொத்த விற்பனையில் 10 சதவீதம் 90 நாளுக்கு ரோலிங் ரிசர்வ். முதல் இரண்டும் அவருக்குப் புரிந்தன. மூன்றாவதை "பத்து சதவீதம் கமிஷன் போல" என்று எடுத்துக்கொண்டார். நிறைய பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அது கமிஷன் இல்லை, ஒவ்வொரு நாள் விற்பனையிலிருந்தும் பிடித்து வைத்து 90 நாள் கழித்துத் திரும்பத் தரும் பணம்தான். ஆனால் எப்போது, எந்த வேகத்தில் திரும்பும் என்பதில்தான் ஒரு சிறு கடை நிற்பதும் தடுமாறுவதும் இருக்கிறது.

எண்களைக் கொஞ்சம் சீராக்கியிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துச் சேலை, ஒன்று 2,000 ரூபாய், வரி உட்பட. நிஜத்தில் ஒரு நாள் மூன்று போகும், ஒரு நாள் இருபது போகும். யுபிஐ, கார்டு எல்லாம் சேர்த்துச் சராசரிக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் விற்பனை எப்படிப் பிரிகிறது

20,000 ரூபாய் விற்றால் கட்டணம் 400, அதற்கு ஜிஎஸ்டி 72. ரிசர்வ் 2,000. மீதி 17,528 ரூபாய்தான் வங்கிக் கணக்குக்கு வரும். ரிசர்வ் 10 சதவீதம் என்பது கட்டணம் போக மீதியில் அல்ல, மொத்தத் தொகையில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 17,528 எப்போது வரும்? "மூன்று நாள்" என்றால் மூன்று வேலை நாள். இரண்டாம் சனியும் நான்காம் சனியும் வங்கிக்கு விடுமுறை. ஜூன் 13 வெள்ளி, மறுநாள் இரண்டாம் சனி. அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விற்பனையும் 18ஆம் தேதி புதன்கிழமைதான் வந்தது. தறிக்காரர்களுக்குக் கூலி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை கைக்கு வந்து சேர்வது செவ்வாய் வரை நடந்த விற்பனை மட்டுமே. சேலை நன்றாகப் போகிற வாரத்திலும் சனிக்கிழமை கூலிக்குக் கை நீட்ட வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம். விற்பனை குறைவு காரணமில்லை.

ஜூன் மாத முடிவில் கணக்கு இப்படி நின்றது. முந்நூறு சேலை, ஆறு லட்சம் விற்பனை. சேலையும் பேக்கிங்கும் தலைக்கு 1,400, கூரியர் 100. விலைக்குள் இருக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி சுமார் 95, கட்டணம் சுமார் 47. மீதி ஒரு சேலைக்கு 358 ரூபாய் லாபம். மாதத்துக்கு ஏறக்குறைய 1,07,000. (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரிக் கழிவை எளிமைக்காக விட்டுவிட்டேன்.)

இனி கையில் வந்த பணத்தைப் பாருங்கள். ஜூன் 28 நான்காம் சனி. அதனால் 30ஆம் தேதி திங்கள் வரை வந்து சேர்ந்தது 25ஆம் தேதி புதன் வரையிலான விற்பனை மட்டும். இருபத்தைந்து நாள், நாளுக்கு 17,528 என்றால் 4,38,200. சேலைக்கும் கூரியருக்கும் கொடுத்தது 4,50,000. புத்தகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் லாபம், கையில் 11,800 பற்றாக்குறை. வழியில் இருக்கும் ஐந்து நாள் பணம் 87,640, ரிசர்வில் 60,000. லாபம் முழுக்க அந்த இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த மாதத்து ஜிஎஸ்டி ஜூலை 20க்குள் கட்டியாக வேண்டும். பில் போட்ட முழுத் தொகைக்கும் வரி உண்டு. ரிசர்வில் இருக்கும் 60,000 இன்னும் வரவில்லை என்று துறையிடம் சொல்ல முடியாது.

இங்கே ஒரு நடைமுறைத் தவறையும் சொல்லிவிடுகிறேன், பல கடைகளில் பார்ப்பதால். வங்கியில் வந்த தொகையையே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கும் புத்தகத்துக்கும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் இடிக்கும். விற்பனையை முழுத் தொகைக்கு எழுதி, கட்டணத்தைச் செலவிலும், ரிசர்வை நடப்புச் சொத்திலும், 72 ரூபாய் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியிலும் வைக்க வேண்டும். மார்ச் 31 அன்று ரிசர்வில் எவ்வளவு இருந்தாலும் அது அந்த ஆண்டின் வருமானத்தில் சேர்ந்ததுதான்.

ஏன் பிடிக்கிறார்கள், ஏன் 90 நாள்

கார்டில் பணம் கட்டியவர் பொருள் வரவில்லை என்று தன் வங்கியிடம் புகார் செய்யலாம். வங்கி அக்ரிகேட்டரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும், அக்ரிகேட்டர் கடைக்காரரிடம். இதுதான் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்கான காலம் பொதுவாக 120 நாள். பொருள் வரவில்லை என்ற புகாரில் அது எதிர்பார்த்த டெலிவரித் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். கடைக்காரர் அதற்குள் கடையை மூடிவிட்டால் நஷ்டம் அக்ரிகேட்டர் தலையில். புதிய கடைக்குப் பழைய வரலாறு கிடையாது, அதனால் ஒவ்வொரு நாள் விற்பனையிலும் ஒரு பங்கை அந்தப் புகார்க் காலத்தின் பெரும்பகுதிக்குப் பிடித்து வைக்கிறார்கள். சில இடங்களில் 180 நாள் வரை போகும்.

இவருடைய கடையில் இன்னொரு விஷயமும் இருந்தது. பாதிச் சேலைகள் முன்பதிவு. பணம் இன்றைக்கு, சேலை தறியிலிருந்து இறங்கிப் பத்து நாளில் என்று தளத்தில் போட்டிருந்தார். டெலிவரி எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நாள் அக்ரிகேட்டர் அந்த ஆபத்தைச் சுமக்கிறார். கடையைச் சேர்க்கும்போது அவர்கள் முதலில் கேட்ட கேள்வியே ஆர்டருக்கும் டெலிவரிக்கும் எத்தனை நாள் என்பதுதான். அந்தப் பதில்தான் இந்தப் பத்து சதவீதத்துக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

இந்தியாவில் இந்தப் பணம் அக்ரிகேட்டரின் சொந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று வெளியிட்டு 2025 செப்டம்பர் வரை நடப்பில் இருந்த வழிகாட்டுதலின்படி, வாங்கிய பணத்தை ஓர் அட்டவணை வணிக வங்கியில், எஸ்க்ரோ என்னும் தனிப் பொறுப்புக் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. டெலிவரி கடைக்காரர் பொறுப்பு என்றால் டெலிவரி உறுதியான மறுநாளுக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. ரீஃபண்ட் காலம் முடியும் வரை வைத்திருக்க ஒப்பந்தம் இருந்தால், அந்தக் காலம் முடிந்த மறுநாளுக்குள். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது அவ்வளவு முக்கியமாவது இதனால்தான். கையெழுத்துப் போட்ட பிறகு "என் பணத்தை எப்படி வைத்திருக்கலாம்" என்று கேட்டுப் பயனில்லை.

ரிசர்வ் ஏறுவதும் இறங்குவதும்

ஜூன் 1 அன்று பிடித்த 2,000 ஆகஸ்ட் 30 அன்று திரும்ப வேண்டும். அதுவரை ஒவ்வொரு நாளும் 2,000 போகும், எதுவும் வராது. அதன் பிறகு தினமும் 2,000 போகும், 2,000 வரும். ரிசர்வ் 1,80,000 ரூபாயில் நின்றுவிடும். அதாவது விற்பனை ஒரே அளவில் இருக்கும் வரை, 10 சதவீதம் 90 நாள் என்பது ஒன்பது நாள் விற்பனையை ஒரே முறை, வட்டியில்லாமல் அக்ரிகேட்டரிடம் விட்டு வைப்பதற்குச் சமம். அந்த ஒன்பது நாள் பணத்தை முதல் மூன்று மாதத்தில் எங்கிருந்தாவது கொண்டு வந்தாக வேண்டும். இவர் நூல் வியாபாரியிடம் பதினைந்து நாள் கடன் வாங்கிச் சமாளித்தார்.

ஆகஸ்ட் 30 வந்தது, பணம் வரவில்லை. 31ஆம் தேதியும் இல்லை, செப்டம்பர் 1ஆம் தேதியும் இல்லை. 2ஆம் தேதி செட்டில்மெண்ட் அறிக்கையில் 2,000 தனி வரியாக, ரிசர்வ் விடுவிப்பு என்ற குறிப்போடு வந்தது. நாங்கள் விற்ற தேதியிலிருந்து எண்ணினோம், அவர்கள் செட்டில்மெண்ட் தேதியிலிருந்து எண்ணினார்கள். ஜூன் 1 ஞாயிறு, செட்டில்மெண்ட் ஜூன் 4, அதிலிருந்து 90 நாள் செப்டம்பர் 2. ஒப்பந்தத்தில் "90 நாள்" என்று மட்டும்தான் இருந்தது, எதிலிருந்து என்று இல்லை. எப்போதும் மூன்று முதல் ஐந்து நாள் விற்பனையின் ரிசர்வ், அதாவது ஆறாயிரம் முதல் பத்தாயிரம், கூடுதலாக அங்கே இருக்கும். பெரிய தொகை இல்லை, ஆனால் தெரியாவிட்டால் மாதாமாதம் கணக்கு இடித்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்காணிக்க ஒரு ஷீட் போதும். இரண்டாம் வரிசையிலிருந்து A பத்தியில் தேதி, B பத்தியில் அன்றைய மொத்த விற்பனை. C2, D2 இரண்டையும் கடைசி வரிசை வரை கீழே இழுத்துவிட வேண்டும்.

```
C2: =B2*10%
D2: =A2+90
F1: =SUMIFS(C:C, D:D, ">"&TODAY())
```

F1 இல் வரும் தொகையும் அக்ரிகேட்டரின் திரையில் ரிசர்வ் என்று காட்டும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். A பத்தியில் விற்ற தேதியைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் செட்டில்மெண்ட் தேதியைப் போட்டுப் பாருங்கள். எது ஒத்துப்போகிறதோ அதுதான் அவர்கள் எண்ணும் முறை. கீழே எளிமைக்காக விற்ற தேதியிலிருந்தே எண்ணுகிறேன்.

செப்டம்பர் 1 முதல் தீபாவளி நாளான அக்டோபர் 20 வரை விற்பனை இரண்டு மடங்கு. நாளுக்கு 40,000. ஐம்பது நாளும் தினம் 4,000 ரிசர்வுக்குப் போனது, திரும்பி வந்ததோ ஜூன், ஜூலையில் போன 2,000தான். தீபாவளி அன்று ரிசர்வ் 2,80,000. நூலுக்கும் கூலிக்கும் பணம் அதிகம் தேவைப்பட்ட அதே ஐம்பது நாளில் கூடுதலாக ஒரு லட்சம் உள்ளே போயிருக்கிறது. விற்பனை ஏறும்போது ரிசர்வ் ஏறும், அதுவும் பழைய விற்பனையின் அளவில்தான் திரும்ப வரும். வளர்கிற கடைக்கு இதுதான் சுமை.

தீபாவளி முடிந்ததும் விற்பனை நாளுக்கு 10,000 ஆகச் சுருங்கியது. இப்போது 1,000 போகிறது, 2,000 வருகிறது. நவம்பர் 30 முதல் தீபாவளிக் காலத்து 4,000 வரத் தொடங்கியது, ஜனவரி 18 வரை வந்தது. பொங்கல் முடிந்தபோது ரிசர்வ் 90,000க்கு இறங்கியிருந்தது. அந்த டிசம்பரில் கடையில் பெரிதாக விற்பனை இல்லை, ஆனால் வங்கிக் கணக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்து டிசம்பரில் வியாபாரம் நன்றாக நடந்தது என்று நினைத்துச் சரக்கு வாங்கிப் போட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்.

நவம்பரில் வந்த ஆறு சார்ஜ்பேக்

தீபாவளி முன்பதிவுகளில் பத்து நாள் என்று சொன்னது பல சேலைகளுக்கு மூன்று வாரம் ஆனது. திருவிழா முடிந்து சேலை வந்தால் யாருக்கு வேண்டும்? நவம்பர் நடுவில் இரண்டே நாளில் ஆறு சார்ஜ்பேக். 12,000 ரூபாய்.

அன்றைய செட்டில்மெண்ட் பூஜ்யம். அப்போதைய நிலையில் நாளுக்கு 10,764 வர வேண்டும். 10,000 விற்பனையில் கட்டணம் 236ம் ரிசர்வ் 1,000ம் போக, திரும்பி வரும் ரிசர்வ் 2,000 சேர்ந்து அவ்வளவு. முதல் நாள் முழுதும் பிடித்துக்கொண்டு 1,236 பாக்கி காட்டினார்கள், மறுநாள் 9,528 வந்தது. என்னை அழைத்துக் கேட்டார்: "ஏனுங்க சார், ரெண்டரை லட்சம் அவங்ககிட்டயே இருக்குதுங்களே, அதுல எடுத்துக்கலாமில்லீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வரிசை வேறு. ரீஃபண்டும் சார்ஜ்பேக்கும் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் இருப்பிலிருந்து போகும். அந்த இருப்பு போதாமல், விற்பனையும் நின்று, பாக்கி தேங்கினால்தான் ரிசர்வில் கை வைப்பார்கள். கடைசி ஆளாக நிற்பதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதனால் ரிசர்வ் பெரிதாக இருக்கிறது என்பதால் சார்ஜ்பேக் வரும் வாரத்தில் கையிருப்பு பாதுகாப்பாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

ரீஃபண்டிலும் இதே கதைதான், அது இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. 2,000 ரூபாய்ச் சேலைக்கு நம் கைக்கு வந்தது 1,752.80. ரீஃபண்ட் கொடுக்கும்போது இருப்பிலிருந்து 2,000 போகும். 247.20 ரூபாய் இடிக்கும். அதில் 47.20 கட்டணம், அது திரும்பாது. 200 ரூபாய் ரிசர்வ், அந்த விற்பனையே ரத்தானாலும் 90 நாள் முடிந்துதான் வரும்.

ஆறில் நான்கு சேலைகள் புகார் கொடுப்பதற்கு முன்பே வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தன. கூரியரின் டெலிவரிச் சான்று, பில், வாட்ஸ்அப்பில் டெலிவரி பற்றி நடந்த பேச்சு மூன்றையும் அக்ரிகேட்டர் சொன்ன கெடுவுக்குள் ஏற்றினார். நான்கும் இவர் பக்கம் தீர்ந்து, பணம் பின்னர் வரும் செட்டில்மெண்டுகளில் சேர்ந்தது. மற்ற இரண்டில் உண்மையிலேயே சேலை போய்ச் சேரவில்லை, அவற்றை எதிர்க்காமல் ஒப்புக்கொண்டார். அதுதான் சரி. கெடு சில நாள்தான் இருக்கும், மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் தோற்றதாகவே கணக்கு.

மாதம் முடிந்ததும் இன்னொரு மின்னஞ்சல். சார்ஜ்பேக் விகிதம் 4 சதவீதம், ஆகவே ரிசர்வை 20 சதவீதமாக உயர்த்தப் போகிறோம் என்று. இந்த 4 எப்படி வந்தது என்பது கவனிக்க வேண்டியது. நவம்பரில் வந்த ஆறு சார்ஜ்பேக்கை நவம்பர் மாதப் பரிவர்த்தனைகளான 150ஆல் வகுத்திருக்கிறார்கள். அந்த ஆறும் செப்டம்பர், அக்டோபர் ஆர்டர்களுக்கு உரியவை. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 20 வரை நடந்த ஆர்டர் ஆயிரம். ஆயிரத்துக்கு ஆறு என்றால் 0.6 சதவீதம். விசா அதே மாதப் பரிவர்த்தனையால் வகுக்கும், மாஸ்டர்கார்டு முந்தைய மாதத்தால் வகுக்கும். அந்த இரண்டாம் முறைப்படி பார்த்தாலும் அக்டோபரின் 455 ஆர்டரில் 1.3 சதவீதம்தான். திருவிழா முடிந்து விற்பனை இறங்கும் எந்தக் கடைக்கும் இந்த விகிதம் திடீரென எகிறும், கடை கெட்டுப்போனதால் அல்ல, கீழே இருக்கும் எண் சுருங்கியதால்.

கோபமாக எதுவும் எழுதாமல் ஒரே ஓர் அட்டவணை அனுப்பினோம். ஆறு சார்ஜ்பேக்குக்கும் ஆர்டர் தேதி, சொன்ன டெலிவரித் தேதி, உண்மை டெலிவரித் தேதி, முடிவு. கூடவே ஆர்டர் தேதி வாரியாக மொத்தப் பரிவர்த்தனையும், இனி முன்பதிவை எப்படி நடத்துவோம் என்பதும். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ரிசர்வ் 10 சதவீதத்திலேயே இருக்கும், ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை. 5 ஆகக் குறைக்கக் கேட்டதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

முன்பதிவில் செய்த மாற்றம் இரண்டு. தளத்தில் பத்து நாள் என்பதை இருபத்தொரு நாளாக மாற்றினார். அப்புறம், முழுப் பணம் முன்பே வாங்காமல் 25 சதவீதம் முன்பணம், மீதி சேலை அனுப்பும் அன்று பேமெண்ட் லிங்க் வழியாக. தறியில் இருக்கும் நாட்களில் வாடிக்கையாளரின் பணம் சிறிதளவே சிக்கியிருக்கும், புகார் வந்தாலும் 500 ரூபாய்க்குத்தான் வரும். கையிருப்புக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான், நூலுக்கு முன்கூட்டி வந்த பணம் குறைகிறது. ஆனால் அக்ரிகேட்டரின் ஆபத்துக் கணக்கு இதைத்தான் பார்க்கிறது.

வேறு அக்ரிகேட்டருக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டார். ஒப்பந்தத்தின் முடிவுப் பகுதியைப் படித்தோம். கணக்கை மூடினால் ரிசர்வ் நாள்வாரியாக விடுவிக்கப்படாது, மொத்தமாக 180 நாள் நிறுத்தி வைத்து ஒரே முறையில் தரப்படும் என்று இருந்தது. நவம்பர் கடைசியில் மூடியிருந்தால் 2,40,000 ரூபாய் மே மாதக் கடைசி வரை அசையாது. புதிய இடத்தில் புதிய கடைக்கு இன்னொரு ரிசர்வ் முதலிலிருந்து ஏறத் தொடங்கும். ஆகவே கணக்கை மூடவில்லை. வேண்டுமானால் இங்கே விற்பனையை மெதுவாகக் குறைத்து, ரிசர்வ் வழக்கப்படி இறங்கிய பிறகு மூடலாம் என்று முடிவு செய்தோம்.

வரும் செப்டம்பருக்குக் கணக்கு ஏற்கனவே போட்டாகிவிட்டது. விற்பனை மறுபடி நாளுக்கு 20,000இலிருந்து 40,000 ஆனால் ஐம்பது நாளில் ரிசர்வுக்குக் கூடுதலாக ஒரு லட்சம் போகும். அந்த ஒரு லட்சத்துக்கு நூல் வியாபாரியிடம் இப்போதே அறுபது நாள் கடன் பேசி வைத்திருக்கிறார். பதினைந்து நாள் கடனில் வாங்கினால், திருப்ப வேண்டிய தேதி ரிசர்வ் திரும்பும் தேதிக்கு வெகு முன்னால் வந்துவிடும். அறுபது நாளும் தொண்ணூறுக்கு எட்டாது. மீதி முப்பது நாளைத் தீபாவளிச் சேலை லாபத்திலிருந்தே சமாளிக்க வேண்டும், அதற்கு அந்தப் பணத்தை அக்டோபரில் வேறு எதிலும் போடக் கூடாது என்று ஷீட்டிலேயே சிவப்பில் எழுதி வைத்திருக்கிறார்.